ரோட்டர்டாமுக்கு எழுதும்போது ‘கிளியர் பண்ணியாச்சு’ என்று எழுதலாமா?

வெளிநாட்டில் இருக்கும் சக ஊழியர்களுக்கு எழுதும்போது மரபுத்தொடர் வேண்டாம், நக்கல் வேண்டாம், ஊர்ப்பேச்சு வேண்டாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் “அவங்களுக்குப் புரியாது” என்று பதில் வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. புரியாமல் போனால் அவர்கள் திரும்பக் கேட்பார்கள், நாம் விளக்குவோம், ஒரு நாள் வீணாகும், அவ்வளவுதான். பெரிய சேதம் வருவது அவர்களுக்கு நன்றாகப் புரிந்துவிடும்போது. நாம் நினைத்தது ஒன்று, அவர்களுக்குப் புரிந்தது வேறொன்று, இரண்டு பக்கத்திலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றால் அந்தத் தவறு வாரக்கணக்கில் உள்ளேயே கிடக்கும்.

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஆபீஸிலிருந்து ரோட்டர்டாமுக்குப் போகும் ஒரு மின்னஞ்சலை வைத்து இதைப் பார்க்கலாம். மின்னஞ்சல் நான் கட்டியதுதான். ஆனால் அதில் இருக்கும் பேச்சு நம்ம பக்கத்து ஆபீஸ்களில் தினமும் புழங்குவது.

## பெரட்டில் மூன்று சொல் போதும்

ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் “நேத்து விட்ட எடத்துலேர்ந்து” என்று மட்டும் சொல்வார். ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். எந்த பிளாக், எந்த வரிசை, குலை வெட்டவா, ஓலை அடுக்கவா என்று யாரும் கேட்பதில்லை. அந்த மூன்று சொல்லுக்குள் அத்தனை தகவலும் இல்லை. ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. நேற்று மழை வந்து வேலை பாதியில் நின்றதை அவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அதே பெரட்டில் நேற்று இரவு வந்து சேர்ந்த ஒரு பங்களாதேஷ் தம்பி நின்றால்? அவருக்கு யாராவது அந்த மூன்று சொல்லையும் வங்காளத்தில் சொன்னாலும் பயன் இல்லை. மொழி கிடைத்துவிட்டது, நேற்று கிடைக்கவில்லை.

சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் விஷயங்களைப் பொதுப் பின்னணி என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல் இதை விரிவாக எழுதினார். சில இடங்களில் பேச்சின் பொருளில் பெரும்பகுதி பின்னணியில் இருக்கும், சொல்லில் கொஞ்சம்தான் இருக்கும். சில இடங்களில் தலைகீழ், எல்லாவற்றையும் சொல்லிலேயே வைத்துவிடுவார்கள். தோட்டமும் குடும்பமும் முதல் வகை. ஹாலின் பிரிப்பை “ஆசியர்கள் இப்படி, ஐரோப்பியர்கள் அப்படி” என்று நாட்டு வாரியாக ஒட்டிவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரோட்டர்டாம் துறைமுகத்தில் இருபது வருடம் ஒன்றாக வேலை பார்க்கும் இருவர் மூன்று சொல்லில்தான் பேசிக்கொள்வார்கள். எந்த நாடு என்பதைவிட, யாரோடு எவ்வளவு காலம் சேர்ந்து இருந்தோம் என்பதுதான் கணக்கு.

சுருக்கமாக: மொழியைப் பகிர்ந்துகொள்வது வேறு, பின்னணியைப் பகிர்ந்துகொள்வது வேறு. இரண்டு பேரும் நல்ல ஆங்கிலம் எழுதலாம். பின்னணி இல்லை என்றால் சொல் மட்டும் போய்ச் சேரும்.

## எழுதுகிறவருக்கு மட்டும் கேட்கும் பாட்டு

சரி, பின்னணி இல்லை என்று நமக்கே தெரியுமே, பார்த்து எழுத முடியாதா? முடியும், ஆனால் தோன்றுகிற அளவு சுலபம் இல்லை.

1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். உண்மையில் 120 பாட்டில் 3 பாட்டுத்தான் பிடிபட்டது. தட்டுகிறவருக்குத் தலைக்குள் மெட்டும் வரியும் ஓடிக்கொண்டே இருக்கின்றன, அதை அவரால் நிறுத்த முடியாது. கேட்கிறவருக்கு வருவது டொக் டொக் மட்டும்.

நக்கலுக்கும் இதே கதி. 2005-இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், சிலரிடம் சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றை நக்கலாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். எது எது என்று எதிரில் இருப்பவர் சுமார் 78 சதவீதம் சரியாகச் சொல்வார் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். சரியாக வந்தது சுமார் 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 70-ஐத் தாண்டியது. நக்கல் தங்குவது குரலில், சொல்லில் அல்ல. எழுத்தில் குரல் போவதில்லை, ஆனால் எழுதுகிறவரின் காதில் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஓரத்தில் ஒரு சிரிப்பு முகம் போட்டாலும் சந்தேகம் முழுசாகத் தீராது. அது நட்பா, கேலியா என்பதையும் படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும்.

## தெரிகிற தவறு, தெரியாத தவறு

பின்னணியை நம்பி எழுதும் சொற்களை மூன்றாகப் பிரிக்கலாம். மரபுத்தொடர் என்றால், தனித்தனிச் சொற்களின் பொருளைக் கூட்டினால் வராத பொருள் உள்ள தொடர். நக்கல் என்றால், நினைப்பதற்கு எதிரானதைச் சொல்லி நினைப்பதைப் புரியவைப்பது. மூன்றாவதை ஊர்ச் சுருக்கம் என்று நானே பெயர் வைத்துக்கொள்கிறேன். ஓர் ஊரோ ஒரு தொழிலோ தனக்குள் நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை என்று வெட்டிவிட்ட பேச்சு அது.

ஆனால் எழுதும்போது உதவுகிற பிரிப்பு இது இல்லை. படிக்கிறவருக்கு ஒரு பொருள் கிடைக்கிறதா, இல்லையா என்பதுதான் உதவும்.

“ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு சாப் அடித்து அனுப்புங்கள்” என்று நம்ம பக்கம் ஆங்கிலத்தில் எழுதுவோம். ‘சாப்’ என்றால் கம்பெனி ரப்பர் முத்திரை என்பது மலேசியாவில் குழந்தைக்கும் தெரியும். ரோட்டர்டாம்காரருக்கு அது வெட்டுவதைக் குறிக்கும் சொல். காகிதத்தை வெட்டச் சொல்கிறார்களா என்று அவர் விழிப்பார், கேட்பார். இது தெரிகிற தவறு. வெட்கமாக இருக்கலாம், ஆபத்து இல்லை.

“கோப்பைப் பார்த்து ரிவெர்ட் பண்ணுங்கள்” என்று எழுதினால் கதை வேறு. நமக்கு ‘ரிவெர்ட்’ என்றால் பதில் எழுதுவது. மலேசியாவிலும் இந்தியாவிலும் ஆபீஸ் ஆங்கிலத்தில் அப்படித்தான் புழங்குகிறது. வெளியே அதன் வழக்கமான பொருள் பழைய நிலைக்குத் திருப்புவது. கோப்பு பற்றிய மின்னஞ்சலில் அந்தச் சொல்லைப் பார்த்தவர், நாம் திருத்தி அனுப்பியதை நீக்கிவிட்டுப் பழைய பதிப்பை மீண்டும் போட்டுவிடலாம். அவருக்குக் குழப்பமே வரவில்லை, அதனால் கேட்கவும் மாட்டார். இதுதான் தெரியாத தவறு.

சுருக்கமாக: அர்த்தமே வராத சொல் கேள்வியைக் கொண்டுவரும். வேறு அர்த்தம் வரும் சொல் கேள்வி இல்லாமல் செயலைக் கொண்டுவரும். இரண்டாவதைத் தேடிப் பிடிப்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

## அந்த மின்னஞ்சல்

இப்போது பின்னணிக் கதை கொஞ்சம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் காடழிப்பு பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டப்படி பாமாயில், ரப்பர், கோக்கோ, காப்பி போன்றவை அங்கே போக வேண்டும் என்றால், 31 டிசம்பர் 2020-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தவையாக இருக்கக்கூடாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடப் புள்ளிகளோடு காட்டவும் வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமானால் ஒரு புள்ளி போதாது, எல்லையைச் சுற்றிவர எல்லாப் புள்ளிகளும் வேண்டும். ஆகவே தோட்ட ஆபீஸ் கிராணி பிளாக் பிளாக்காக அந்த எல்லைப் புள்ளிகள் அடங்கிய GeoJSON கோப்பு தயார் செய்து, குழுமத்தின் ரோட்டர்டாம் அலுவலகத்துக்கு அனுப்புகிறார். ஆங்கிலத்தில் அவர் எழுதியதைத் தமிழில் தருகிறேன், வில்லங்கமான சொற்களை மட்டும் அப்படியே விட்டு:

“96 ஃபீல்டு கோப்பு இணைத்திருக்கிறேன். 2021-இல் கிளியர் பண்ணியது. இதே கோப்பை நான்காவது தடவையாகக் கேட்டிருக்கிறீர்கள், அபாரமான வேகம்! ராயாவுக்கு முன்னால் செட்டில் பண்ணிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஹாலந்து போய்விடும். பார்த்து ரிவெர்ட் பண்ணவும்.”

முதலில் கடைசிக்கு முந்தின வரியை எடுத்துக்கொள்வோம், அதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. இங்கே ‘ஹாலந்து போய்விடும்’ என்றால் காரியம் கெட்டது, வழி தவறிப் போச்சு என்று அர்த்தம். அதை ஹாலந்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கு எழுதியிருக்கிறார். செட்டில் பண்ணாவிட்டால் சரக்கு எல்லாம் ஹாலந்துக்கு வந்துவிடும் என்று அவர் படிப்பார். அவருக்கு வேண்டியதே அதுதானே. மிரட்டல் நல்ல செய்தியாக மாறிவிட்டது. இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது.

சிரிக்க முடியாதது இரண்டாவது வாக்கியம். செம்பனை சுமார் 25 வருடத்தில் வயதாகிவிடும். மரம் உயர்ந்து குலை வெட்டுவது சிரமமாகும், விளைச்சலும் இறங்கும். அப்போது பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுக் கன்று நடுவார்கள், அதாவது மறுநடவு. 1996-இல் நட்ட பிளாக்குக்கு 2021-இல் அந்த நேரம் வந்தது. தோட்டத்தில் எல்லாரும் அதைக் ‘கிளியர் பண்ணியாச்சு’ என்றுதான் சொல்வார்கள். எதைக் கிளியர் பண்ணினோம் என்று யாரும் சொல்வதில்லை. செம்பனைத் தோட்டத்தில் செம்பனையைத் தவிர வேறு எதைச் சாய்க்கப் போகிறோம்?

ரோட்டர்டாமில் படிப்பவரின் வேலையே 2020-க்குப் பிந்தைய காடழிப்பைத் தேடுவது. அவருடைய துறையில் நிலத்தைக் கிளியர் பண்ணுவது என்றால் காட்டை அழிப்பது. 2021 என்ற வருடம் வேறு சட்டத்தின் எல்லைத் தேதிக்கு அப்புறம் விழுகிறது. அவர் பொறுப்பாகச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்க்கிறார். 2021-இல் அந்த இடத்தில் மரப்போர்வை போயிருப்பது அதில் தெரிகிறது. மேலிருந்து பார்க்கும்போது வயதான செம்பனையும் பச்சைக் கூரைதான், சாய்த்தால் கூரை போனது போலத்தான் தெரியும். அவர் புரிந்துகொண்டதற்குச் சான்றும் கிடைத்துவிட்டது. இனி எதற்குக் கேட்க வேண்டும்? பிளாக்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

செம்பனை இருந்த இடத்தில் மீண்டும் செம்பனை நடுவது அந்தச் சட்டப்படி காடழிப்பு அல்ல. காட்டை விவசாய நிலமாக மாற்றினால்தான் காடழிப்பு. ஆகவே நிலம் சரியாக இருக்கிறது, கோப்பு சரியாக இருக்கிறது, இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஒரு சொல் மட்டும் பின்னணியை விட்டுவிட்டுப் பயணம் செய்துவிட்டது.

‘96 ஃபீல்டு’ என்பதும் சும்மா இல்லை. நமக்கு அது நட்ட வருடம். வெளியே இருப்பவருக்கு அது 96-ஆம் எண் பிளாக். அவருடைய பட்டியலில் உண்மையிலேயே 96 என்று வேறொரு பிளாக் இருந்தால் தகவல் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

‘அபாரமான வேகம்’ என்பதைப் படிப்பவர் பாராட்டு என்று எடுத்தால் சந்தோஷப்படுவார், குத்தல் என்று எடுத்தால் கோபப்படுவார். எப்படி எடுத்தாலும், முன்பு மூன்று முறை கோப்பு அனுப்பியாகிவிட்டது, அது எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள் என்ற வேண்டுகோள் போய்ச் சேரவில்லை.

‘ராயாவுக்கு முன்’ என்பதில் இரண்டு சிக்கல். நோன்புப் பெருநாளா, ஹஜ்ஜுப் பெருநாளா என்று ஒன்று. நாட்காட்டியில் அது வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், போன வருடத்துத் தேதியை நினைவில் வைத்திருப்பவர் தப்பான நாளைப் பிடித்துக்கொள்வார் என்பது இன்னொன்று.

## அதையே திருத்தி எழுதினால்

திருத்தும்போது கேட்க வேண்டிய கேள்வி “இது அவருக்குப் புரியுமா?” என்பது அல்ல. அந்தக் கேள்விக்கு நம் மனசு எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்லும், அந்த விரல் தட்டியவர்கள் மாதிரி. “இந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, என்னைத் தெரியாத ஒருவர் என்ன செய்வார்?” என்று கேட்க வேண்டும். செய்யப்போகும் காரியம் தவறாக வந்தால் வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

அப்படிக் கேட்டுக் கேட்டு மாற்றினால் மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி வரும்:

“வணக்கம். P96 என்ற பிளாக்கின் GeoJSON கோப்பு இணைக்கப்பட்டுள்ளது. P96 என்றால் 1996-இல் செம்பனை நட்ட பிளாக் என்று பொருள். பரப்பு 38 ஹெக்டேர். 2021-இல் அந்தப் பழைய செம்பனை மரங்களைச் சாய்த்து, அதே இடத்தில் புதிய செம்பனைக் கன்றுகள் நட்டோம். காடு எதுவும் அழிக்கப்படவில்லை. 2021 செயற்கைக்கோள் படத்தில் மரப்போர்வை குறைந்து தெரிவதற்கு இந்த மறுநடவுதான் காரணம்.

இந்தக் கோப்பை இதற்கு முன் மூன்று முறை அனுப்பியிருக்கிறோம். உங்கள் பக்கத்தில் அது திறக்கவில்லையா, அல்லது அதில் ஏதாவது குறைகிறதா என்று தெரிவியுங்கள்.

உங்கள் பதில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை, 13 மார்ச் 2026, ரோட்டர்டாம் நேரம் காலை 9.00-க்குள் (மலேசிய நேரம் மாலை 4.00) வேண்டும். 20 முதல் 27 மார்ச் வரை எங்கள் அலுவலகம் மூடியிருக்கும். அதற்கு முன் பதில் வராவிட்டால் இந்த பிளாக்கின் எண்ணெயை மார்ச் கப்பலில் ஏற்ற முடியாது.”

நீளமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் கூடியது எல்லாம் தகவல். கோபம்கூட உள்ளேதான் இருக்கிறது, ‘மூன்று முறை’ என்ற எண்ணிக்கையாக. எண்ணிக்கையை யாரும் பாராட்டு என்று தப்பாகப் படிக்க முடியாது. ஹாலந்து போயே போய்விட்டது, அதன் இடத்தில் என்ன நடக்கும் என்பதே எழுதப்பட்டிருக்கிறது.

நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் போட்டதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் ரோட்டர்டாம் நமக்கு 7 மணி நேரம் பின்னால் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றினால் 6 மணி நேரம் ஆகிவிடும், அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அப்படியே இருக்கும். அவர்கள் பக்கத்திலிருந்து வரும் நேரத்திலும் கவனம் வேண்டும். டச்சு மொழியில் ‘ஹாஃப் ஆக்ட்’, அதாவது பாதி எட்டு என்றால் 7.30. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஹாஃப் எய்ட்’ என்றால் 8.30. ஒரு டச்சுக்காரர் தன் பழக்கத்தில் ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் எதை நினைத்தார் என்று கேட்டுவிடுவது நல்லது. ‘வார இறுதி’கூட அப்படித்தான். கெடாவில் இருக்கும் கூட்டாளி அலுவலகத்துக்கு அது வெள்ளியும் சனியுமாக இருக்கலாம். கிழமையும் தேதியும் சேர்த்துப் போட்டால் இதெல்லாம் ஓய்ந்துவிடும், மாதத்தை எழுத்தில் எழுதினால் 05/06 என்பது மே மாதமா, ஜூன் மாதமா என்ற சண்டையும் வராது.

எல்லாச் சுருக்கத்தையும் உரித்துப்போட வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பொருளில் புழங்கும் தொழிற்சொற்களை விடலாம். கச்சா பாமாயிலின் தனிக் கொழுப்பு அமில அளவு 5 சதவீதத்துக்குள் என்று எழுதினால் ரோட்டர்டாமிலும் அதே 5 சதவீதம்தான். ‘சிரமத்துக்கு நன்றி’, ‘பெருநாள் வாழ்த்துகள்’ போன்றவற்றையும் வெட்ட வேண்டாம். அவை சொன்னதையேதான் குறிக்கின்றன.

## சரியாகப் போய்ச் சேர்ந்ததா?

“நோட்டட்” என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தெரியாத தவறிலும் அதே பதில்தான் வரும். “புரிந்ததா?” என்று கேட்பதும் வீண், புரிந்ததாக நினைப்பவர் ஆமாம் என்பார்.

அதற்குப் பதில், அவர் தன் சொல்லில் எதையாவது எழுத வேண்டியபடி கேளுங்கள். “மார்ச் அறிக்கையில் எந்தெந்த பிளாக்கைச் சேர்க்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் நில வரலாற்றை எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்று அனுப்ப முடியுமா?” என்று கேட்டால் போதும். திரும்பி வரும் வரியில் “P96, மறுநடவு 2021” என்று இருந்தால் அந்தக் கோப்பை மூடிவிடலாம். “P96, நில அகற்றம் 2021” என்று இருந்தால், மறுபடியும் மின்னஞ்சல் எழுதாதீர்கள். இரண்டாவது மின்னஞ்சலையும் அவர் முதல் புரிதலின் வழியாகத்தான் படிப்பார். ரோட்டர்டாமில் காலை 9 ஆகும் வரை பொறுத்து, போனை எடுத்து, பழைய மரம் எது, புதிய மரம் எது என்று வாயால் சொல்லிவிட்டு, பேசி முடிவானதை அவரையே இரண்டு வரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.